சுவரை இடித்தாயிற்று, பதிவை வைப்பது கேஷிலா, கீஃப்ரேமிலா?

பிளெண்டர் என்ற 3D மென்பொருளில் 4 மீட்டர் அகலச் சுவர் ஒன்றை Cell Fracture என்ற ஆட்-ஆன் கொண்டு 120 துண்டுகளாக்கி, ஒவ்வொன்றும் திடப்பொருள்போல் மோதி விழும்படி ரிஜிட் பாடி கொடுத்து, ஒரு குண்டை மோதவிட்டேன். இடிந்த விதம் பிடித்திருந்தது. அதே இடிபாடு எப்போதும் அப்படியே வர வேண்டும் என்றால் இரண்டு வழிகள்: கணக்கிட்ட அசைவைச் சேமித்து வைக்கும் ரிஜிட் பாடி உலகத்தின் கேஷைப் பேக் செய்து மாறாமல் பூட்டுவது, அல்லது துண்டுகளின் அசைவை, ஒவ்வொரு ஃபிரேமிலும் இடத்தையும் சுழற்சியையும் குறித்து வைக்கும் கீஃப்ரேம்களாக மாற்றுவது.

எதைச் செய்வதற்கு முன்பும், குண்டு இல்லாமல் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். சுவர் அசையாமல் நிற்க வேண்டும். முதல் ஃபிரேமிலேயே துண்டுகள் சிதறினால் அவற்றின் மோதல் வடிவங்கள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்திருக்கின்றன என்று அர்த்தம். துண்டைச் சுற்றிய மோதல் இடைவெளியான Collision Margin-ஐக் குறைத்து, ஏதாவது மோதும்வரை துண்டை அசையாமல் வைக்கும் Start Deactivated-ஐப் போட்டுவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். இந்தக் கோளாறு இருக்கும்போதே பேக் செய்தால் அதுவும் சேர்ந்தே பதிவாகும்.

கேஷ் எளிது. Rigid Body World பகுதியில் Bake அழுத்தினால் போதும்; பிடிக்கவில்லை என்றால் Delete Bake கொடுத்து மறுபடி முயலலாம். பேக் செய்யாமல் நடு ஃபிரேமுக்குத் தாவினால் துண்டுகள் தவறான இடத்தில் நிற்கும். ரெண்டரைப் பல கணினிகளுக்குப் பிரித்துக் கொடுக்கும்போது இதுதான் படத்தைக் கெடுக்கும். பேக் செய்தபின் அந்தக் கவலை இல்லை. கேஷின் முடிவு ஃபிரேம் இயல்பாக 250 என்பதை மட்டும் மறக்காதீர்கள். காட்சி 300 ஃபிரேம் என்றால் கடைசி 50-இல் எல்லாம் அப்படியே உறைந்து நிற்கும்.

ஆனால் கேஷில் கைவைக்க முடியாது. ஒரே ஒரு துண்டு கேமராவை மறைக்கிறது, அதைக் கொஞ்சம் தள்ள வேண்டும் என்றால் வழியில்லை. இடிபாட்டின் வேகத்தைக் குறைத்தால் கணக்கு முதலிலிருந்து நடந்து, வேறு விதமாக இடியும்.

அங்கேதான் Object > Rigid Body > Bake to Keyframes ஜெயிக்கிறது. 100 ஃபிரேமுக்கு, 120 துண்டுகள், இடத்துக்கும் சுழற்சிக்குமாக ஆறு மதிப்புகள்: அதிகபட்சம் 72,000 கீஃப்ரேம்கள். கோப்பு கனக்கும்தான். ஆனாலும் அந்த ஒரு துண்டை நகர்த்தலாம், எல்லாக் கீஃப்ரேம்களையும் இரண்டு மடங்கு விரித்து மெதுவாக்கலாம், FBX கோப்பு வழியாக கேம் எஞ்சினுக்கும் அனுப்பலாம்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. கீஃப்ரேம் ஆன துண்டுகளிலிருந்து ரிஜிட் பாடி நீங்கிவிடும். பாதித் துண்டுகளை மட்டும் தேர்ந்தெடுத்து மாற்றினால், மீதிப் பாதிக்குத் தாங்குவதற்கு ஆளில்லாமல் மறுகணக்கில் அவை வேறு மாதிரி விழும். எனவே 120-ஐயும் சேர்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதற்கு முன்பு கோப்பை வேறு பெயரில் சேமித்துக்கொள்ள வேண்டும்.

வேறு மென்பொருளுக்குக் கொடுப்பதற்கு மட்டும் என்றால் அலெம்பிக் என்ற கோப்பு வடிவம் போதும், ஆனால் அதிலும் திருத்த முடியாது. நான் இடிபாடு பிடிக்கும்வரை கேஷில் பேக் செய்து அழித்துக்கொண்டே இருப்பேன். பிடித்த பிறகுதான், நகல் கோப்பில், கீஃப்ரேமுக்குப் போவேன்.