வாரம் முழுக்க நைட்டா, இரண்டிரண்டு நாளா? 8 பேர் வார்டுக்கு எந்த டூட்டி சார்ட்

எங்கள் வார்டில் நர்ஸ்கள் 8 பேர். ஒவ்வொரு ஷிஃப்ட்டிலும் 2 பேர் வேண்டும். காலை 6, மதியம் 2, இரவு 10 மணிக்கு ஆள் மாறும். சார்ட் போடுவது என் வேலை. வாரச்சுற்றில் ரொம்ப நாள் ஓட்டிவிட்டு இப்போது இரண்டிரண்டு நாள் சுற்றுக்கு மாறியிருக்கிறோம். நான் எந்தப் பக்கம் என்பதை மறைக்கப் போவதில்லை.

வாரச்சுற்றில் ஒரு ஜோடி ஒரு வாரம் காலை, மறு வாரம் மாலை, மூன்றாவது வாரம் நைட். நாலாவது ஜோடி ரிலீவர், அதுவும் எல்லா ஜோடிக்கும் முறை வைத்து வரும்: திங்கள், செவ்வாய் காலை, புதன், வியாழன் மாலை, வெள்ளி, சனி நைட் என்று மற்றவர்களின் ஆஃபை நிரப்பும். இரண்டிரண்டு நாள் சுற்றில் ஒவ்வொருவரும் 2 காலை, 2 மாலை, 2 நைட், 2 ஆஃப் என்று 8 நாளில் ஒரு சுற்று முடிப்பார்கள், ஒருவருக்கு அடுத்தவர் ஒரு நாள் தள்ளித் தொடங்குவார்.

இரண்டிலும் சராசரியாக வாரத்துக்கு 42 மணி நேரம்தான், 28 நாளுக்கு 7 நைட்தான். அதனால் ‘எனக்குத்தான் நைட் அதிகம்’ என்ற சண்டைக்கு இரண்டிலுமே இடமில்லை. வாரச்சுற்றில் 5 நைட் தொடர்ச்சியாக வரும், நாலாவது இரவில் மருந்துச் சீட்டை இரண்டு தடவை படித்தாலும் மனதில் நிற்காது. மற்றதில் 2 இரவோடு முடிந்துவிடும். 12 மணி நேர ஷிஃப்ட்டும் ஒரு வழிதான். ஹேண்ட்ஓவர் குறையும், ஆஃப் நிறைய கிடைக்கும். ஆனால் நான் அதில் இரண்டு மாதம்தான் வேலை பார்த்தேன், அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

என்னை மாற வைத்தது வேறொன்று. ஒருவர் திடீரென்று வராவிட்டால் யாரைக் கூப்பிடுவது?

வாரச்சுற்றில் ஒரு தடவை புதன்கிழமை காலையில் ரிலீவருக்குக் காய்ச்சல். அவர் பார்க்க வேண்டியிருந்தது 2 மாலையும் 2 நைட்டும். மாலை ஜோடியில் ஒருவருக்கு அந்த வாரத்தின் இரண்டு ஆஃபும் போயின, நைட் ஜோடியில் ஒருவருக்கும் அப்படியே. எந்த ஒருவர் என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. எதிர்த்துப் பேசாத இரண்டு பேரைத்தான் சொன்னேன் என்பது அப்புறம்தான் உறைத்தது. முந்தைய சார்ட்டுகளைப் புரட்டினால் எப்போதும் அதே இரண்டு பேர்.

இரண்டிரண்டு நாள் சுற்றில் அதே 4 டூட்டி விழுந்தால் ஆள் யார் என்பதைச் சார்ட்டே சொல்லிவிடும். நைட்டுக்கு ஆள் இல்லை என்றால், அன்று காலை நைட் முடித்து வீட்டுக்குப் போனவர் மூன்றாவது நைட்டும் பார்ப்பார். நடுவில் தூங்க 16 மணி நேரம் இருக்கிறது, மறுநாள் காலை முடித்த பிறகு அடுத்த டூட்டிக்கு முழு 24 மணி நேரம். காலை டூட்டி என்றால் இரண்டாம் ஆஃபில் இருப்பவர் வருவார். மாலைக்கு ஆஃபில் இருப்பவரைக் கூப்பிடவே கூடாது: இரவு 10 மணிக்கு முடித்து மறுநாள் 6 மணிக்கு வருவதென்றால் நடுவில் 8 மணி நேரம்தான், போக வரப் பாதி போய்விடும். அதனால் காலை ஆள் 4 மணி நேரம் கூடுதலாக இருப்பார், நைட் ஆள் 4 மணி நேரம் முன்னதாக வருவார். பாரம் பலர்மேல் பிரியும், யாருக்கும் இரண்டு ஆஃபும் சேர்ந்து போகாது. கூடுதல் மணி நேரத்தை ஒரு நோட்டில் எழுதுகிறோம், நோட்டு நர்ஸ் மேசைமேலேயே கிடக்கும்.

இது திடீர் லீவுக்கு. முன்பே சொன்ன லீவுக்கு ஒன்பதாவது ஆள் கட்டாயம் வேண்டும். 8 பேரை வைத்து 8 பேர் சார்ட் போட்டால் லீவுக்கு இடமே இல்லை, எந்த முறையானாலும். ஒன்பதாமவர் லீவில் போகிறவரின் வரிசையை அப்படியே எடுத்துக்கொள்வார், மற்ற 7 பேரின் சார்ட்டில் ஒரு கட்டம்கூட மாறாது. நோட்டில் எழுதின கடனும் அவரை வைத்துத்தான் தீர்கிறது.

வரிசையில் எப்போதும் பக்கத்துப் பக்கத்து எண்கள்தான் ஒரே ஷிஃப்ட்டில் சேரும். அதனால் ஒற்றைப்படையில் சீனியர், இரட்டைப்படையில் ஜூனியர் என்று போட்டேன். திடீர் லீவு விழாதவரை, இரண்டு புதியவர்கள் தனியாக நைட்டில் மாட்டிக்கொள்ளும் பேச்சே இல்லை.

குறையையும் சொல்லிவிடுகிறேன். ஆஃப் 2 நாள் என்றாலும் அது 48 மணி நேரம்தான், முதல் நாள் பாதி தூக்கத்திலேயே கழியும். சனி, ஞாயிறு சேர்ந்து ஆஃப் வருவது 8 வாரத்தில் ஒரே ஒரு தடவை. பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் உள்ளவர்கள் இதற்காக இன்னும் என்மேல் கோபமாகத்தான் இருக்கிறார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. ஞாயிறுக்கு ஞாயிறு மாற்றிக்கொள்ளலாம், ஆனால் நைட் முடித்த அன்றே காலை டூட்டி வரும்படி மாற்றினால் நான் கையெழுத்துப் போட மாட்டேன்.