"சும்மா ஒரு கையெழுத்து" என்றார்கள், என் ₹2,14,600 போய்விட்டது

போன செவ்வாய்க்கிழமை காலை ஆபீஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது வங்கியிலிருந்து அடுத்தடுத்து இரண்டு மெசேஜ் வந்தது. முதலாவதில், என் எஃப்டி முதிர்வுத் தேதிக்கு முன்பே முடிக்கப்பட்டுவிட்டது. இரண்டாவதில், அந்தப் பணத்திலிருந்து ₹2,14,600 ஒரு வீட்டுக் கடன் கணக்கில் வரவு வைக்கப்பட்டுவிட்டது. யாரோ என் கணக்கில் புகுந்து திருடிவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். கை நடுங்க வாடிக்கையாளர் சேவை எண்ணுக்கு போன் போட்டேன். "திருட்டு இல்லை மேடம், நீங்க கோ-அப்ளிகன்டா இருக்கிற லோன்ல ஏழு தவணை பாக்கி இருந்தது, அதுக்கு எடுத்திருக்காங்க" என்றார் எதிர்முனையில் இருந்த பெண்.

நான் வாழாத வீடு. பத்திரத்தில் என் பெயர் இல்லாத வீடு. அதற்கு என் சேமிப்பு போயிருக்கிறது. ஆத்திரம் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன், கணவரோ மகனோ "கோ-அப்ளிகன்டா போட்டுக்கலாம்" என்று சொல்லி இன்னும் கையெழுத்துப் போடாதவர்கள் யாராவது இதைப் படிக்கட்டும்.

2023இல் என் கணவர் ஒரு ஃபிளாட் வாங்க முடிவு செய்தார். அட்வான்ஸ் கொடுத்து கிரய ஒப்பந்தம் போட்டது அவர் பெயரில் மட்டும். கடன் ₹32 லட்சம், 20 வருடம், 8.75 சதவீத வட்டி, மாதத் தவணை ₹28,279. கடன் ஏற்பாடு செய்து கொடுக்கும் ஏஜென்ட் ஒருவர் வீட்டுக்கே வந்தார். நல்ல மரியாதையான பேச்சு. என் சம்பளச் சீட்டும் வேண்டும் என்று கேட்டபோது, வீடு என் பெயரில் இல்லையே, நான் எதற்கு என்று கேட்டேன். கேட்டேன் என்பதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் இப்போது எல்லோரும் "கேட்டிருக்கலாமே" என்கிறார்கள்.

"கோ-அப்ளிகன்ட்னா சும்மா சப்போர்ட்டுக்கு மேடம். மெயின் அப்ளிகன்ட் சார்தான், தவணை சார் அக்கவுன்ட்லதான் போகும். உங்களுக்கும் வரிச்சலுகை கிடைக்கும். சும்மா ஒரு கையெழுத்து" என்றார்.

அந்தப் பேச்சை நம்பினேன். கிளையில் ஒரு கட்டுக் காகிதத்தில் பென்சிலால் குறி போட்டு வைத்திருந்த இடங்களிலெல்லாம் கையெழுத்துப் போட்டேன். படிக்கக் கொடுக்கவும் இல்லை, நான் நின்று படிக்கவும் இல்லை. போகிற போக்கில், அதே கிளையில் எஃப்டி போட்டால் வங்கியோடு உறவு வலுப்படும் என்றார்கள். என் நகைச் சீட்டு முதிர்ந்த பணமும் போனஸும் சேர்த்து மூன்று லட்சத்தை என் பெயரில் போட்டேன். என் பணத்தை நானே கொண்டுபோய் அவர்கள் கையில் கொடுத்திருக்கிறேன்.

முதல் வருடமே ஆடிட்டர் ஒன்று சொன்னார். வீட்டுக் கடன் வட்டிக்கு வரிச்சலுகை வேண்டுமென்றால் கடனிலும் பெயர் இருக்க வேண்டும், பத்திரத்திலும் பெயர் இருக்க வேண்டும். எனக்குப் பத்திரத்தில் பெயர் இல்லை, அதனால் ஒரு ரூபாய் கூடக் கிடையாது. ஏஜென்ட் சொன்னதில் ஒன்று பொய் என்று அன்றைக்கே தெரிந்தது. மற்றதையும் அன்றே சரிபார்க்காமல் விட்டேன்.

அப்புறம் நாங்கள் பிரிந்தோம். அதைப் பற்றி இங்கே பேசப் போவதில்லை. நான் வேறு வீட்டுக்கு வந்துவிட்டேன், அவர் அந்த ஃபிளாட்டிலேயே இருந்தார். சில மாதம் கழித்து அவர் தவணை கட்டுவதை நிறுத்திவிட்டார். எனக்கு அது தெரியாது. வங்கி அனுப்பிய நோட்டீஸ் எல்லாம் கடன் கணக்கில் இருந்த முகவரிக்கு, அதாவது அந்த ஃபிளாட்டுக்கே போயிருக்கிறது. என் சேமிப்புக் கணக்கில் நான் முகவரி மாற்றியிருந்தேன். கடன் கணக்கில் அதைத் தனியாக மாற்ற வேண்டுமாம். அதே வங்கி, அதே நான், அதே கைபேசி எண். பணம் எடுத்ததைச் சொல்ல மட்டும் மெசேஜ் வருகிறது.

ஏழு தவணை ₹1,97,953. அதன் மேல் அபராதக் கட்டணம், நோட்டீஸ் செலவு என்று சேர்த்து ₹2,14,600.

கிளைக்குப் போனேன். மேனேஜர், கடன் விவகாரம் எல்லாம் மத்திய அலுவலகத்தில்தான் என்றார். அங்கே போன் செய்தால் "உங்க ஹோம் பிராஞ்ச்ல கேளுங்க" என்றார்கள். ஏஜென்ட்டைப் பிடித்தேன். "நான் இப்போ வேற கம்பெனி மேடம், அக்ரிமென்ட்ல எல்லாம் தெளிவா இருக்குமே" என்று வைத்துவிட்டார். சும்மா ஒரு கையெழுத்து என்று சொன்ன அதே வாய். மறுநாள் மறுபடி கிளைக்குப் போய் உட்கார்ந்துகொண்டேன், நகரவில்லை. அதன் பிறகுதான் மேனேஜர் ஒப்பந்தத்தின் நகலை எடுத்துக் காட்டினார்.

அதில் நான் "இணைக் கடன்தாரர்". கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு என்று இருக்கிறது. அதாவது பாதிக் கடனுக்குப் பாதிப் பொறுப்பு என்பது கிடையவே கிடையாது. முழுக் கடனுக்கும் அவரும் பொறுப்பு, முழுக் கடனுக்கும் நானும் பொறுப்பு. முதலில் அவரைக் கேட்டுவிட்டுத்தான் என்னிடம் வர வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. 1872ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 43ஆம் பிரிவே, சேர்ந்து வாக்குக் கொடுத்தவர்களில் யாரிடம் வேண்டுமானாலும் முழுவதையும் கேட்கலாம் என்கிறது. இன்னொரு பக்கத்தில், கடன்தாரர்களின் எந்த வைப்புத்தொகையிலிருந்தும் பாக்கியை எடுத்துக்கொள்ள வங்கிக்கு அனுமதி தருவதாக ஒரு வரி. கீழே என் கையெழுத்து. "அவர் அக்கவுன்ட்ல பணம் இல்ல மேடம், உங்ககிட்ட இருந்தது" என்றார் மேனேஜர், ஏதோ நல்ல சேதி சொல்வதைப் போல.

சரி, போனது போகட்டும், என் பெயரை இந்தக் கடனிலிருந்து எடுத்துவிடுங்கள் என்றேன். இங்கேதான் எனக்கு விஷயம் முழுதாக விளங்கியது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கடன் வாங்கியபோது என் கணவரின் சம்பளம் ₹44,000, கார் கடனுக்கு மாதம் ₹7,000 போய்க்கொண்டிருந்தது. அந்த வங்கி, எல்லாத் தவணையும் சேர்ந்து சம்பளத்தில் பாதிக்குள் இருக்க வேண்டும் என்று கணக்குப் போடுகிறது. பாதி ₹22,000, கார் தவணை போக ₹15,000. அந்தத் தவணைக்கு அவருக்குத் தனியாகக் கிடைத்திருக்கக்கூடிய கடன் சுமார் ₹17 லட்சம்தான். என் சம்பளம் ₹38,000ஐச் சேர்த்ததும் மொத்தம் ₹82,000, பாதி ₹41,000, கார் தவணை போக ₹34,000. ₹28,279 அதற்குள் சௌகரியமாக அடங்கிவிட்டது. "சப்போர்ட்டுக்கு" என்று ஏஜென்ட் சொன்னதன் அர்த்தம் இதுதான். ₹32 லட்சத்தில் கிட்டத்தட்ட பாதி என் சம்பளத்தின் பலத்தில் கொடுக்கப்பட்டது.

இப்போது என்னை எடுக்க வேண்டுமானால் அவர் தனி ஆளாக அந்தக் கடனுக்குத் தகுதி பெற வேண்டும். மீதி இன்னும் ₹30 லட்சத்துக்கு மேல் இருக்கிறது. ஏழு தவணை விட்டவரை மறுபடி எடைபோட்டு, எந்த வங்கி என்னை விடுவிக்கும்? எந்தக் கணக்கு என்னை உள்ளே இழுத்ததோ அதே கணக்கு என்னை வெளியே விடாமல் பிடித்து வைத்திருக்கிறது. எனக்குப் பதிலாக வேறு ஒருவர் வர வேண்டும், அல்லது வீட்டை விற்றுக் கடனை அடைக்க வேண்டும். வீட்டை விற்கும் உரிமை பத்திரத்தில் பெயர் உள்ளவருக்கு மட்டும்.

விவாகரத்துத் தீர்ப்பில் "கடனை அவர்தான் கட்ட வேண்டும்" என்று எழுதி வாங்கிவிடலாம் என்று நினைத்திருந்தேன். அந்த நம்பிக்கையையும் வக்கீல் உடைத்துவிட்டார். தீர்ப்பு எனக்கும் அவருக்கும் இடையில்தான். வங்கி அந்த வழக்கில் கட்சிக்காரர் இல்லை, அதனால் அது வங்கியைக் கட்டுப்படுத்தாது. நான் கட்டிய பணத்தை அவரிடம் கேட்டு வழக்குப் போடலாம், அதற்கு அதே 43ஆம் பிரிவு இடம் தருகிறது. அதற்கு ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது வேண்டும். ₹2,14,600க்கு வங்கி முத்திரையோடு எழுத்தில் கேட்டிருக்கிறேன், இன்னும் தரவில்லை.

இதோடு முடியவில்லை. 90 நாளுக்கு மேல் தவணை நின்றதால் அந்தக் கடன் வாராக்கடன் பட்டியலில் போய்விட்டது. அது அவருடைய சிபில் அறிக்கையில் இருப்பது போலவே என்னுடையதிலும் அப்படியே இருக்கிறது. 782ஆக இருந்த என் ஸ்கோர் 611. அம்மாவின் சிகிச்சைக்கு ஒரு சின்னக் கடன் கேட்டேன். ₹28,279 முழுவதையும் என் தவணையாகவே எடுத்துக்கொண்டு, மறுத்துவிட்டார்கள். அவர் மறுபடி கட்டாமல் விட்டு வீடு ஏலத்துக்குப் போனால், ஏலப் பணம் கடனுக்குப் போதாத மீதிக்கும் என்னைத் தேடித்தான் வருவார்கள். ஏலத்தில் ஏதாவது மிஞ்சினால் அது வீட்டுக்காரருக்குப் போகும்.

என்ன செய்ய வேண்டும் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். முடியவில்லை, தோன்றுவதை மட்டும் சொல்லிவிடுகிறேன். பத்திரத்தில் பெயர் இல்லாமல் கடனில் மட்டும் பெயர் போடாதீர்கள், "அப்புறம் சேர்த்துக்கலாம்" என்பதை நம்பாதீர்கள். பென்ஷன் வாங்கும் அப்பா அம்மாவைப் பிள்ளைகளின் கடனில் சேர்ப்பதாக இருந்தால், அவர்களுடைய எஃப்டி அந்த வங்கியில் இருக்கவே கூடாது. ஏற்கெனவே கையெழுத்துப் போட்டவர்கள் இன்றைக்கே கடன் கணக்கில் தங்கள் முகவரியையும் கைபேசி எண்ணையும் பதிவு செய்து, தவணை ஏறியதா என்று மாதாமாதம் நீங்களே பாருங்கள். வங்கியிடம் எழுத்தில் புகார் கொடுத்து 30 நாளில் பதில் வராவிட்டால் cms.rbi.org.in தளத்தில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். நோட்டீஸ் எனக்கு வந்து சேரவே இல்லை என்று நான் கொடுத்த புகாருக்கு இன்று ஆறாவது நாள்.

அடுத்த தவணை ஐந்தாம் தேதி. எஃப்டியில் மிச்சம் இருந்ததை வேறு வங்கிக்கு மாற்றிவிட்டேன், சம்பளக் கணக்கை மாற்றச் சொல்லி ஆபீஸில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அவர் போனை எடுக்கவில்லை.