கண் வறட்சிக்குச் சொட்டு, ஜெல், களிம்பு: மூன்றாண்டு பயன்படுத்திய பிறகு

முன்பு என்னோடு பினாங்கு பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை செய்த சாந்தி அக்கா போன வாரம் பார்மசியில் நின்றுகொண்டே எனக்கு ஒரு படம் அனுப்பினார். தட்டு முழுக்கக் கண் சொட்டுப் பெட்டிகள். “சாயங்காலமானா கண் எரியுது, எதம்மா வாங்கறது? எல்லாம் ஒரே மாதிரி இருக்கு” என்று கேட்டிருந்தார். வாட்ஸ்அப்பில் அடிக்க ஆரம்பித்தேன், நீண்டுகொண்டே போனது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

என் வேலை சிப்புகளை மைக்ரோஸ்கோப்பில் பார்த்துப் பழுது கண்டுபிடிப்பது. எட்டு மணி நேரம் ஏர்கோன் அறை. உற்றுப் பார்க்கும்போது கண் சிமிட்டுவது குறைந்துவிடும், கண்ணீர் ஆவியாகிப் போய்விடும். மூன்று வருடத்துக்கு முன் எரிச்சல் தொடங்கியபோது, கையில் கிடைத்த தண்ணீர் வகைச் சொட்டு ஒன்றை வாங்கினேன். நன்றாகத்தான் இருந்தது. ஊற்றியதும் குளிர்ச்சி, பார்வையும் மங்காது. ஆனால் கால் மணி நேரத்தில் பழையபடி ஆகிவிடும், மறுபடி ஊற்றுவேன். ஒரு ஷிப்டில் எட்டு முறை, பத்து முறை என்று போனது. இரண்டாவது மாதம் கண் முன்பைவிட மோசமாக எரிந்தது. சொட்டு விட்டவுடனேயே எரிந்தது.

அந்தப் பெட்டியின் பக்கவாட்டில் சின்ன எழுத்தில் பென்சால்கோனியம் குளோரைடு என்று இருந்தது. திறந்த பாட்டிலில் கிருமி வளராமல் இருக்கச் சேர்க்கும் மருந்து அது. சோப்பைப் போன்ற தன்மை உள்ளது. கண்ணீரின் மேல் படர்ந்திருக்கும் மெல்லிய எண்ணெய்ப் படலத்தை அது கலைக்கும், அடிக்கடி பட்டால் கருவிழியின் மேல்தோலையும் புண்ணாக்கும். இது உள்ள சொட்டை ஒரு நாளைக்கு நான்கு முறைக்கு மேல் விடக்கூடாது. நான் பத்து முறை விட்டேன். வாங்கும்போது இதை எடுத்துச் சொல்ல ஆள் இல்லை என்ற கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. அக்கா, முதலில் பார்க்க வேண்டியது இதுதான். எத்தனை முறை விடலாம் என்பதை, தண்ணீரா ஜெல்லா என்பதைவிட இந்த மருந்து உள்ளே இருக்கிறதா என்பதுதான் அதிகம் முடிவு செய்கிறது.

அது இல்லாத சொட்டு பெரும்பாலும் சின்னச் சின்னப் பிளாஸ்டிக் குப்பிகளில் வரும். தேவைப்பட்டால் மணிக்கு ஒரு முறைகூட விடலாம். திறந்த குப்பியை அன்றைக்கே வீசிவிட வேண்டும், சிலவற்றை உடனேயே. பெட்டியில் எப்படி எழுதியிருக்கிறதோ அப்படிச் செய்யுங்கள். பாட்டிலைவிட விலை அதிகம்தான். மூடி போட்டு வைக்கக்கூடிய வகையில் நாளைக்கு இரண்டு குப்பி எனக்குப் போதும், முப்பது குப்பிப் பெட்டி பதினைந்து நாள் வருகிறது. ஒரு தடவைக்கு ஒரே சொட்டு விடுங்கள். ஒரு சொட்டையே கண்ணால் முழுதாகத் தாங்க முடியாது, மிச்சம் கன்னத்தில்தான் வழியும். விட்டபின் கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய கண் ஓரத்தை ஒரு நிமிடம் மெதுவாக அழுத்தினால் கூடுதல் நேரம் நிற்கிறது.

குப்பிக்கு மாறியபின் பகல் நேரம் சரியானது. காலை நேரம் சரியாகவில்லை. விடியும்போது இமையைத் திறந்தால், கண்ணில் மணல் உரசியது போலக் குத்தும். அரை மணி நேரத்தில் தணிந்துவிடும். வேலை நேரத்து வறட்சி சாயங்காலம் ஆக ஆகக் கூடும். இது நேர்மாறாக இருந்ததால் கண் டாக்டரிடம் போனேன்.

அவர் ஆரஞ்சு நிறச் சாயம் தோய்த்த சின்னத் தாளைக் கண்ணில் தொட்டு, நீல வெளிச்சத்தில் பார்த்தார். தோல் உரிந்த இடங்கள் பச்சைப் புள்ளிகளாகத் தெரியுமாம். எனக்குப் புள்ளிகள் எல்லாம் கருவிழியின் கீழ்ப்பகுதியில் ஒரு பட்டையாக இருந்தன. “தூங்கும்போது கண் முழுசா மூடுதான்னு வீட்டில யாரையாவது பார்க்கச் சொல்லுங்க” என்றார். அன்றிரவு அம்மா டார்ச் லைட்டைத் தாழ்த்திப் பிடித்துப் பார்த்திருக்கிறார். இமை சேராமல் ஒரு கோடு வெள்ளை தெரிந்ததாம். தூக்கத்தில் விழி மேலே போய்விடும், கீழ்ப்பகுதிதான் வெளியே நிற்கும். எங்கள் வீட்டுக் காற்றாடி நேராக என் முகத்துக்கே அடித்துக்கொண்டிருந்தது. இரவு முழுக்க அந்த இடம் காய்ந்திருக்கிறது.

ஜெல் போட்டுப் பார்த்தேன். தண்ணீர் வகையைவிட நேரம் நிற்கும், சில நிமிடங்களுக்குப் பார்வை மங்கும். கார்போமர் என்ற கெட்டிப்பொருள் சேர்த்த ஜெல்லை நாளைக்கு மூன்று நான்கு முறை போடலாம் என்று சொல்வார்கள். மதிய ஓய்வில் போட நல்ல பொருள், குறை சொல்ல மாட்டேன். ஆனால் இரவு பத்து மணிக்குப் போட்டால் நாலு மணிக்குக் குத்தி எழுப்பியது. விடியும்வரை தாங்கியது களிம்பு மட்டும்தான்.

களிம்பு என்பது வெள்ளை பாரஃபினும் எண்ணெயும் கலந்த பசை. தண்ணீர் இல்லாததால் பெரும்பாலானவற்றில் அந்தக் கிருமி மருந்து இருக்காது. சிலவற்றில் ஆட்டுக் கம்பளியிலிருந்து எடுக்கும் லானோலின் இருக்கும், கம்பளி ஒவ்வாதவர்கள் கவனிக்க வேண்டும். படுக்கப் போகும்போது, கடைசியாக, கீழ் இமையை இழுத்து உள்ளே அரை சென்டிமீட்டர். முனை கண்ணில் படக்கூடாது. வேறு சொட்டு விடுவதாக இருந்தால் அதை முன்னாடியே விட்டு, குறைந்தது ஐந்து நிமிடம் பொறுத்துக் களிம்பைப் போடுங்கள். களிம்பு முதலில் போனால் தண்ணீர்ச் சொட்டு உள்ளே ஒட்டாது.

அந்த வாரமே மணல் குத்தல் நின்றது. அப்படிப்பட்ட பொருளை நான் வாயார வாழ்த்தியிருக்க வேண்டும். ஆனால் மூன்று வருடமாக எனக்குக் கோபம் வரவைப்பதும் இதுதான். காலை ஷிப்டுக்கு விடியுமுன் மோட்டாரில் பினாங்கு பாலத்தைக் கடக்கிறேன். முதல் வாரத்தில், பாலத்து விளக்குகள் ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு வளையம் தெரிந்தது. முன்னால் போன மோட்டாரின் சிவப்பு விளக்கு இரண்டாகப் பிரிந்தது. பயந்துபோய் ஓரமாக நிறுத்திவிட்டேன். டியூபில் சின்னதாக எழுதியிருந்தும் அதன் பொருள் எனக்கு அங்கேதான் புரிந்தது: பார்வை தெளியும்வரை வண்டி ஓட்டக்கூடாது. இப்போது முக்கால் மணி நேரம் முன்னாலேயே எழுந்து, வெந்நீரில் நனைத்த துணியால் இமை ஓரத்தைத் துடைத்து, ஒரு குப்பிச் சொட்டு விட்டு, வாசல் காலண்டரின் சின்ன எழுத்து தெளிவாகத் தெரிந்த பிறகுதான் சாவியை எடுக்கிறேன். தலையணை உறையெல்லாம் எண்ணெய்க் கறை, அது துவைத்தும் போகவில்லை. காற்றாடியையும் கால் பக்கம் திருப்பிவிட்டேன். அது செலவில்லாமல் பாதி வேலையைச் செய்தது.

அக்கா, உங்களுக்குச் சாயங்காலம்தான் எரிகிறது என்றீர்கள். களிம்பு வேண்டாம், குப்பி வாங்குங்கள். அந்தப் படத்தில் இடது ஓரத்தில் இருக்கும் “சிவப்பு நீக்கும்” சொட்டை எடுக்காதீர்கள். அது கண்ணீர் இல்லை, இரத்தக் குழாயைச் சுருக்கும் மருந்து, போடுவதை நிறுத்தியதும் சிவப்பு இன்னும் கூடி வரலாம். வலியோ, வெளிச்சம் பார்க்கக் கூச்சமோ, பார்வைக் குறைவோ வந்தால் சொட்டோடு நிற்காமல் டாக்டரைப் பாருங்கள்.

களிம்பை யாருக்கும் நான் ஆசையாகச் சிபாரிசு செய்ய மாட்டேன். நேற்று டியூப் தீர்ந்தது, மழையில் போய் வாங்கி வந்தேன்.