ஜெயித்த வழக்கில் நாலு வருட வட்டி போனது: டிகிரியில் வட்டி பற்றிய வரியைப் பாருங்கள்

தொண்டிப் பக்கம் கருவாட்டு வியாபாரி ஒருவர், படகுக்காரருக்கு டீசலுக்கும் ஐஸுக்கும் 2,00,000 ரூபாய் புரோநோட்டில் கொடுத்தார். வட்டி நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய், அதாவது வருடம் 12 சதவீதம். இரண்டு வருடத்தில் வட்டி 48,000 சேர, 2,48,000-க்கு வழக்குப் போட்டார். கோர்ட் கட்டணம் 3 சதவீதம், 7,440 ரூபாய். "ஜெயித்தால் வட்டி, செலவு எல்லாம் தானாக வந்துவிடும்" என்று வக்கீல் குமாஸ்தா சொன்னதை நம்பினார்.

மூன்று வருடம் கழித்து ஜெயித்தார். வழக்குப் போட்ட நாளிலிருந்து, தீர்ப்பை வைத்துக் கோர்ட் எழுதித் தரும் உத்தரவான டிகிரி வரைக்கும் 12 சதவீத வட்டி கிடைத்தது, 72,000. அதற்குப் பிறகான வட்டி பற்றி டிகிரியில் ஒரு வார்த்தை இல்லை. வழக்குப் போடும்போது கொடுத்த மனுவான பிராதிலேயே அதைக் கேட்கவில்லை. பணம் கைக்கு வர இன்னும் நாலு வருடம் ஆனது. அந்த நாலு வருடத்துக்கு வட்டி பூஜ்யம்.

காரணம் சிவில் நடைமுறைச் சட்டம் பிரிவு 34. டிகிரிக்குப் பிந்தைய வட்டி பற்றி டிகிரி பேசாமல் இருந்தால், கோர்ட் மறுத்துவிட்டதாகவே பொருள். அதற்காகத் தனி வழக்கும் போட முடியாது. டிகிரிப் பணத்தை வசூலிக்கப் போடும் நிறைவேற்று மனுவை விசாரிக்கும் கோர்ட்டும் டிகிரியில் இல்லாததைச் சேர்த்துக் கொடுக்காது.

பொதுவாக டிகிரிக்குப் பிந்தைய வட்டி, அசலின் மேல் 6 சதவீதத்தைத் தாண்டாது. கேட்டு வாங்கியிருந்தால் இவருக்கு வருடம் 12,000 வீதம் 48,000 கிடைத்திருக்கும். ஆனால் கடன் வாங்கியவரின் தொழிலுக்கான கடன் என்றால் ஒப்பந்த வட்டி வரை கோர்ட் கொடுக்கலாம். டீசலும் ஐஸும் மீன்பிடித் தொழிலுக்கானவைதானே; அதைப் பிராதில் எழுதியிருந்தால் 96,000 வரை கேட்டிருக்கலாம். கல்யாணச் செலவுக்கு வாங்கிய கடனுக்கு இந்த வழி இல்லை.

ஆகவே பிராதின் வேண்டுதலில் "வழக்குத் தேதி முதல் தொகை முழுவதும் கட்டும் நாள் வரை" என்ற சொற்கள் இருக்கிறதா என்று நீங்களே படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். டிகிரி நகல் வந்ததும் தீர்ப்போடு ஒப்பிடுங்கள். தீர்ப்பில் வட்டி கொடுத்து டிகிரியில் விட்டிருந்தால், பிரிவு 152-ன்படி திருத்த மனு போடலாம். கேட்டும் தீர்ப்பிலேயே விட்டுப்போயிருந்தால் மறுஆய்வோ மேல்முறையீடோதான்; இவருடையது போன்ற வழக்கில் இரண்டுக்கும் கெடு 30 நாள், நகல் வாங்க ஆன நாட்கள் அதில் சேராது.

செலவிலும் அவர் ஏமாந்தார். பொதுவாகத் தோற்றவர்தான் செலவு தர வேண்டும். அப்படி உத்தரவிடாவிட்டால் கோர்ட் காரணத்தை எழுத வேண்டும். ஆனால் டிகிரியின் அடியில் உள்ள செலவுப் பட்டியலில் கோர்ட் கட்டணம், சம்மன் அனுப்பும் செலவு, விதிப்படியான வக்கீல் கட்டணம் போன்றவைதான் ஏறும். வக்கீலுக்கு உண்மையில் கொடுத்த பணம் அதைவிட எவ்வளவு கூடியிருந்தாலும், மிச்சம் ஜெயித்தவர் தலையில்தான். இதை முதல் நாளே அவரிடம் யாரும் சொல்லவில்லை.