நூற்றி இருபத்தைந்தில் ஏழு: ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷனின் மூன்று கணக்குகள்

திருப்பூரில் செக்கிங் டேபிள் பக்கம் நான் போன முதல் வருடமே இந்தக் கேள்வி வந்துவிட்டது. சின்ன யூனிட் ஒன்றில் 3,000 டி-ஷர்ட், 60 கார்ட்டன், கார்ட்டனுக்கு 50. பையர் தரப்பில் தரம் பார்க்க வந்த கியூசி 125 பீஸ் பார்த்தார். மேஜர் டிஃபெக்ட் ஆறு. ஏழு வரை அனுமதி என்று சொல்லி பாஸ் போட்டுவிட்டுப் போனார். சந்தோஷப்பட வேண்டிய ஓனர் குழம்பி நின்றார்.

"ஏனுங்க, ஏக்யூஎல் ரெண்டரைன்னா நூத்துக்கு ரெண்டரை தானுங்களே? நூத்தி இருபத்தஞ்சுக்கு மூணு. ஏழு எங்கிருந்துங்க வந்துச்சு?"

ஏக்யூஎல் என்பது ஒப்பந்தத்தில் எழுதும் ஏற்கத்தக்க தர அளவு. அன்றைக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. ஆனால் சரியான கேள்வி. லாட்டை, அதாவது ஒரே தடவையில் காட்டும் மொத்தச் சரக்கை, சாம்பிள் வைத்து முடிவு செய்ய நம் ஊரில் புழங்கும் மூன்று வழிகளும் இந்தக் கேள்விக்கு மூன்று விதமாகப் பதில் சொல்கின்றன.

முதல் வழி, பத்து பர்சன்ட் செக். லாட்டில் பத்தில் ஒரு பங்கை எடு, அதில் இரண்டரை சதவீதத்துக்கு மேல் பழுது இருந்தால் ரிஜெக்ட். 3,000-க்கு 300 பீஸ், ஏழு வரை அனுமதி. இரண்டாவது, டேபிள் பார்த்துச் செய்வது, அதாவது ஐஎஸ்ஓ 2859-1. நம் நாட்டில் ஐஎஸ் 2500 என்ற பெயரிலும் இருக்கிறது. மூன்றாவது, சைபர் வழி. ஒரு 22 பீஸ் எடு, ஒன்றுகூடப் பழுதாக இருக்கக் கூடாது.

டேபிளைப் பார்க்கும் விதம் எளிது. 3,000 என்ற லாட் 1,201 முதல் 3,200 வரையுள்ள வரிசையில் விழும். வழக்கமான இரண்டாம் பொது நிலையில் அதற்குக் கிடைக்கும் எழுத்து கே. கே என்றால் 125 பீஸ். 2.5 என்ற பத்தியில் கீழே இறங்கினால் 7, 8 என்று இருக்கும். ஏழு வரை ஏற்கலாம், எட்டு வந்தால் திருப்பு.

ஓனரின் மூன்றுக்கு வருவோம். லாட்டில் உண்மையாகவே 2.5 சதவீதம், அதாவது 75 பீஸ் பழுது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தப்படி அது நல்ல லாட். அதிலிருந்து 125 எடுத்தால் சராசரியாக மூன்று வரும். ஆனால் சராசரிதான் மூன்று. ஒரு நாள் ஒன்று வரும், ஒரு நாள் ஐந்து வரும். மூன்றோடு கோடு போட்டால் இந்த நல்ல லாட் பாஸாக 62 சதவீத வாய்ப்புதான். நூறு நல்ல லாட்டில் 38 லாட் வெறும் சாம்பிள் அதிர்ஷ்டத்தில் திரும்பி வரும். கோட்டை ஏழுக்குத் தள்ளினால் வாய்ப்பு 98.6 சதவீதமாகிறது. எக்செல் உள்ளவர்கள் தாங்களே பார்த்துக்கொள்ளலாம்:

```
=BINOM.DIST(3,125,0.025,TRUE)
=BINOM.DIST(7,125,0.025,TRUE)
```

ஆக அந்த ஏழு, நல்ல சரக்கு போட்டவன் வீணாகத் தண்டனை பெறக் கூடாது என்பதற்காக வைத்த ஏழு. 2.5 என்பது சாம்பிளில் அனுமதிக்கும் சதவீதமே இல்லை. லாட் எந்த அளவு வரை இருந்தால் பெரும்பாலும் பாஸ் ஆக வேண்டும் என்பதற்கான எண். இதை மெர்ச்சண்டைசர்களிலேயே பாதிப் பேர் தலைகீழாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள். "டேபிளில் பாஸ் ஆயிடுச்சு, அப்ப பழுது ரெண்டரைக்குள்ளதான்" என்பார்கள். டேபிள் அப்படிச் சொல்லவே இல்லை. லாட்டில் 5 சதவீதம் பழுது இருந்தாலும் பத்துக்கு ஏழு தடவை பாஸ் ஆகும்.

மூன்று வழிகளையும் ஒரே 3,000 பீஸ் லாட்டில் நிறுத்திப் பார்த்தால், பாஸ் ஆகும் வாய்ப்பு ஏறக்குறைய இப்படி வருகிறது:

| லாட்டின் உண்மைப் பழுது | பத்து பர்சன்ட் (300, ஏழு வரை) | டேபிள் (125, ஏழு வரை) | சைபர் (22, ஒன்றும் கூடாது) |
|---|---|---|---|
| 2.5% | பாதிக்குச் சற்று மேல் | 98–99% | 57% |
| 5% | 1–2% | 71% | 32% |
| 8% | கிட்டத்தட்ட இல்லை | 21% | 16% |

பத்து பர்சன்ட் வழிதான் கறாரானது என்று முதல் பார்வைக்குத் தோன்றும். இருக்கட்டும், அதே விதியை 200 பீஸ் லாட்டுக்குப் போட்டுப் பாருங்கள். சாம்பிள் 20. இருபதில் இரண்டரை சதவீதம் அரை பீஸ். அரை பீஸ் பழுது என்று ஒன்று கிடையாது, ஆகவே சைபர். 5 சதவீதப் பழுது உள்ள லாட், 3,000-மாக வந்தால் தப்பவே முடியாது. அதே துணி, அதே தையல், 200-ஆக வந்தால் மூன்றில் ஒரு தடவை தப்பிவிடும். சாம்பிளின் பலம் அதில் எத்தனை பீஸ் என்பதைப் பொறுத்தது. லாட்டில் எத்தனை பங்கு என்பதைப் பொறுத்தது அல்ல. விவரம் தெரிந்த சப்ளையர் என்ன செய்வார்? ஆர்டரைச் சின்னச் சின்ன லாட்டாகப் பிரித்து நீட்டுவார். அதோடு, சரியாக 2.5-ல் நிற்கும் நல்ல லாட்டுக்கும் 300 பீஸ் உழைப்புக்குப் பிறகு நாணயம் சுண்டுகிற கதைதான். இந்த வழியை நான் யாருக்கும் சொல்வதில்லை.

சைபர் வழிக்கு வக்காலத்து வாங்குபவர்கள் நிறைய. 22 பீஸ் பார்க்க அரை மணி நேரம் போதும். "பழுதைப் பார்த்த பிறகும் பாஸ் போடுவதா?" என்ற மனக்குறையும் இல்லை. பையரைக் காக்கிற வேலையிலும் அது டேபிளுக்குக் குறைவில்லை. 8 சதவீத வரியைப் பாருங்கள்: 16-க்கும் 21-க்கும் பெரிய வித்தியாசம் இல்லை. விலையைக் கொடுப்பவர் தைக்கிறவர். 2.5-ல் நிற்கும் லாட்டில் நூற்றுக்கு 43 திரும்பும். நூறு லாட் அனுப்பினால் 95 பாஸ் ஆக வேண்டும் என்றால், பழுது 0.23 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். மூவாயிரத்தில் ஏழே பீஸ். பின்னலாடையில் அந்த அளவைத் தொடர்ந்து பிடிப்பவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. ஒப்பந்தத்தில் 2.5 என்று எழுதிவிட்டு ஃபேக்டரியில் 22-க்கு சைபர் பார்ப்பது, இரண்டரைக்கு விலை பேசி கால் சதவீதத்துக்குச் சரக்கு கேட்பது மாதிரி.

சைபர் வழியில் இன்னொரு ஏமாற்றமும் உண்டு. 22 பீஸும் சுத்தம் என்றதும் லாட்டே சுத்தம் என்று மனம் சொல்லும். கணக்கு அவ்வளவு தாராளமாக இல்லை. 22-ல் சைபர் வந்தால், லாட்டின் பழுது 12.7 சதவீதத்துக்குள் இருக்கும் என்று மட்டுமே 95 சதவீத உறுதியோடு சொல்ல முடியும். முறிந்த ஊசி மாதிரி கிரிட்டிக்கல் சமாசாரத்துக்கு எந்த வழியானாலும் அனுமதி சைபர்தான். ஆனால் அங்கேயும் வேலை செய்வது சாம்பிள் அல்ல. எல்லா பீஸையும் மெட்டல் டிடெக்டரில் ஓட்டுவதுதான்.

அப்படியானால் டேபிள் ஜெயித்ததா? ஒரு நிபந்தனையோடு. 5 சதவீத லாட் 71 சதவீதம் பாஸ் ஆகிறதே, பையர் ஏமாளியா என்று கேட்கலாம். டேபிளைச் செய்தவர்களுக்கும் இது தெரியும். அமெரிக்க ராணுவக் கொள்முதலில் வளர்ந்து 1950-ல் எம்ஐஎல்-எஸ்டிடி-105 என்று வெளிவந்த காலத்திலிருந்தே இது ஒற்றை லாட்டுக்கான கருவி அல்ல. ஒரே சப்ளையரிடமிருந்து வரிசையாக வரும் லாட்களுக்கானது. அடுத்தடுத்த ஐந்து லாட்டுக்குள் இரண்டு திரும்பினால், இறுக்கமான டேபிளுக்கு மாற வேண்டும். அங்கே அதே 125 பீஸ், ஆனால் ஐந்து வரைதான் ஏற்பு. 5 சதவீதக்காரரின் வாய்ப்பு 71-லிருந்து 40-க்கு இறங்கும். அந்த நிலையிலும் திரும்பிய லாட்கள் ஐந்து சேர்ந்துவிட்டால், அவர் சரிசெய்துவிட்டு வரும்வரை இன்ஸ்பெக்‌ஷனே நிறுத்தம். பையருக்கான பாதுகாப்பு முழுக்க இந்த மாற்றத்தில்தான் இருக்கிறது.

நடைமுறையில் இதைச் செய்பவர்கள் குறைவு. ஒவ்வொரு லாட்டும் புதுசாகப் பிறந்த மாதிரி ஏழோடு ஆரம்பிக்கிறது. போன மாத ரிப்போர்ட்டைத் திறந்து பார்க்கிற கியூசி அபூர்வம். இதைவிட மோசம், ரிஜெக்ட் ஆன லாட்டை இரண்டு நாள் கிடப்பில் போட்டு, ஒரு பீஸைக்கூடப் பிரிக்காமல் மறுபடி காட்டுவது. 8 சதவீத லாட்டுக்கு முதல் தடவை 21 சதவீத வாய்ப்பு. இரண்டு தடவை காட்டினால் கிட்டத்தட்ட 38. எல்லா பீஸையும் பார்த்துப் பழுதைப் பிரித்தெடுத்த கணக்கைக் காட்டாமல் மறு இன்ஸ்பெக்‌ஷனுக்கு நான் உட்காருவதில்லை.

கணக்கெல்லாம் ஒரு அனுமானத்தின் மேல் நிற்கிறது: எந்த பீஸும் கைக்கு வரும் வாய்ப்பு சமம் என்பது. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்றால், பானை முழுக்க ஒரே கொதி கொதித்ததால்தான். கார்ட்டன்கள் அப்படி இல்லை. ஒரு பிளாட்லாக் மெஷினில் ஊசி முனை மழுங்கினால், அதை மாற்றும்வரை அந்த மெஷின் வழியாகப் போன பண்டில்களில்தான் நீடில் ஹோல் வரும். அதே சைஸ், அதே கலர் என்று அவை அடுத்தடுத்து பேக் ஆகும். 150 ஓட்டை பீஸும் மூன்று கார்ட்டனில் அடைந்து கிடக்கிறது என்று வையுங்கள். லாட் கணக்கில் அது 5 சதவீதம். கியூசி பழக்கப்படி கார்ட்டன் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தை, 60-க்கு எட்டை, திறப்பார். அந்த மூன்றில் ஒன்றுகூடத் திறக்கப்படாமல் போக 65 சதவீத வாய்ப்பு. எட்டு கார்ட்டனிலிருந்து 125 பீஸ் எடுத்தாலும் சரி, 300 எடுத்தாலும் சரி, அந்த 65 மாறாது. பத்து பர்சன்ட் வழியின் கறார், எட்டாவது கார்ட்டனோடு முடிந்துவிடுகிறது.

ஆரம்பத்தில் சொன்ன யூனிட்டுக்குச் சில வருடம் கழித்து நானே இன்ஸ்பெக்‌ஷனுக்குப் போனேன். அறுபது கார்ட்டனையும் திறக்கச் சொன்னேன். பேக்கிங் ஆட்களுக்குக் கோபம்தான், டேப் ஒட்டி முடித்திருந்தார்கள். கார்ட்டனுக்கு இரண்டு, ஐந்து கார்ட்டனில் மட்டும் கூட ஒன்று, மொத்தம் 125. மேஜர் ஆறு. ஆறும் நீடில் ஹோல், ஆறும் தோள்பட்டைத் தையலை ஒட்டி, எல்லாமே மூன்றே கார்ட்டனில். டேபிள்படி பாஸ். ஓனர் இந்தத் தடவை ஏழு எங்கிருந்து வந்தது என்று கேட்கவில்லை. அந்த மூன்று கார்ட்டனையும் தானே டேபிளில் கொட்டி, லைட்டுக்குக் கீழே தோள்பட்டையை இழுத்து இழுத்துப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.