மூன்று ஜூன் 20: காலவரிசையை ஐந்து நிமிடச் சுற்றுகளில் நிறுத்திய அனுபவம்

அட்டையின் ஒரு பக்கம் நிகழ்ச்சி, மறுபக்கம் தேதி என்று எழுதிப் புரட்டிப் படிக்கும் முறை முதல் மாதம் நன்றாகவே ஓடும். அதற்குப் பிறகு தேதிகள் மறப்பதில்லை, ஆள் மாறுகின்றன. ‘ஆகஸ்ட் 10’ நினைவில் இருக்கும், அது 1789-ஆ 1792-ஆ என்பது இருக்காது. அட்டை ஒவ்வொரு தேதியையும் தனியாகக் கேட்பதால், பக்கத்துத் தேதியோடு ஒப்பிட்டுப் பார்க்க மனதுக்கு இடமே கிடைப்பதில்லை. ஆகவே, குறித்த நாட்களில் வெற்றுத்தாளில் முழுக் காலவரிசையையும் எழுதிப் பார்க்கும் சுற்று முறை. ஒரு வருடத்துக்கு மேல் ஓட்டிப் பார்த்ததில் எது நின்றது, எது சறுக்கியது என்பதை பிரெஞ்சுப் புரட்சியை வைத்துச் சொல்வது எளிது. 1789 முதல் 1799 வரை பத்து ஆண்டுகள், ஒரு தாளுக்கு 20 நிகழ்ச்சிகள்.

தாளைப் படுக்கவைத்து ஆண்டுக்கு ஒரு பத்தி, எல்லாம் ஒரே அகலத்தில். 1789-இல் ஏழெட்டு நிகழ்ச்சிகள் நெருக்கியடிக்கும், 1790 கிட்டத்தட்ட காலியாகக் கிடக்கும். இடம் போதவில்லை என்று 1789-ஐ மட்டும் அகலப்படுத்த வேண்டாம். அந்த நெரிசலும் வெறுமையும் கண்ணில் பதிவதே பாதி வேலை.

முதலில் ஐந்து ஆணிகள்: 1789 ஜூலை 14 (பஸ்தீல் சிறை வீழ்ந்தது), 1792 ஆகஸ்ட் 10 (பாரிஸிலுள்ள டுயிலரி அரண்மனை தாக்கப்பட்டது), 1793 ஜனவரி 21 (அரசர் பதினாறாம் லூயியின் மரண தண்டனை நிறைவேறியது), 1794 ஜூலை 27 (புரட்சித் தலைவர் ரோபெஸ்பியரின் வீழ்ச்சி), 1799 நவம்பர் 9 (நெப்போலியன் ஆட்சியைப் பிடித்தது). இவை அசையாமல் நின்ற பிறகே மற்றவற்றை அவற்றுக்கு நடுவே மாட்ட வேண்டும், அதுவும் தூரக் கணக்கோடு. பஸ்தீலுக்குச் சரியாக மூன்று வாரம் கழித்து, ஆகஸ்ட் 4 இரவு, நிலப்பிரபுத்துவச் சலுகைகள் ஒழிக்கப்படுகின்றன. டுயிலரி விழுந்து ஆறு வாரத்தில், செப்டம்பர் 21, முடியாட்சி ஒழிகிறது. ‘ஆறு வாரம்’ என்பது மனதில் இருந்தால், தேதி நழுவினாலும் ஓரிரு நாள்தான் நழுவும், மாதக்கணக்கில் போகாது.

சுற்று ஐந்து நிமிடம். முதல் இரண்டு நிமிடம் நிகழ்ச்சிகளை மட்டும் வரிசையாக எழுத வேண்டும், தேதி கூடாது. அடுத்த இரண்டு நிமிடத்தில் தேதிகள். கடைசி நிமிடம் மூலத்தாளோடு ஒப்பிட்டு சிவப்பு மையில் திருத்தம். வரிசை முதலில் வருவதற்குக் காரணம் உண்டு: எதனால் எது நடந்தது என்பது வரிசையைத் தாங்கிப் பிடிக்கும், வரிசை தேதியைத் தாங்கும். தலைகீழாகத் தேதியில் தொடங்கினால் வெறும் எண் மனப்பாடமாகிவிடும்.

கற்ற நாளிலிருந்து எண்ணி 1, 3, 7, 16, 35-ஆம் நாட்களில் சுற்று. பிறகு 80-ஆம் நாள். ஒரு சுற்று தவறிப்போனால் செய்த நாளிலிருந்து அடுத்த இடைவெளியை எண்ணினால் போதும், விட்டதை ஈடுகட்ட ஒரே நாளில் இரண்டு சுற்று போடுவதில் பயனில்லை. தவறிய நிகழ்ச்சி மட்டும் முதல் நாளுக்குத் திரும்ப வேண்டும். முழுத்தாளையும் திருப்பி அனுப்புவதுதான் பலரும் செய்வது. அதனால் ஏற்கெனவே நின்றவற்றை வீணாக அரைத்துக்கொண்டே இருக்க நேரும், சலிப்பில் சுற்றே நின்றுபோகும். 20-இல் ஐந்துக்கு மேல் தவறினால் மட்டும், தாள் முழுவதற்கும் அடுத்த இடைவெளியைப் பாதியாக்கலாம்.

சிவப்பு மையில் திருத்தும்போது தவறின் வகையையும் குறிக்க வேண்டும், ஏனென்றால் மருந்து வேறு வேறு. நிகழ்ச்சி விடுபட்டிருந்தால் அதற்கு முன்னதோடு காரணத் தொடர்பு இல்லை என்று அர்த்தம். ஒரு வரி விளக்கம் சேர்த்தால் சரியாகும். நாள் சறுக்கியிருந்தால் அருகிலுள்ள ஆணியிலிருந்து தூரத்தை மறுபடி எண்ண வேண்டும். மூன்றாவது வகையான ஆள்மாறாட்டம்தான் உண்மையான தலைவலி.

அதற்கு ஜூன் 20-ஐ விடச் சிறந்த உதாரணம் கிடைக்காது. 1789 ஜூன் 20-இல் டென்னிஸ் மைதான உறுதிமொழி: அரசியலமைப்பு உருவாகும்வரை கலைவதில்லை என்று மக்கள் பிரதிநிதிகள் எடுத்தது. 1791 ஜூன் 20 இரவில் அரச குடும்பம் பாரிஸிலிருந்து தப்பியோடி, மறுநாள் இரவு வாரென் ஊரில் பிடிபடுகிறது. 1792 ஜூன் 20-இல் கூட்டம் டுயிலரிக்குள் நுழைந்து அரசரைப் புரட்சிச் சின்னமான சிவப்புத் தொப்பி அணியவைக்கிறது. மூன்றாவது தற்செயல் அல்ல, உறுதிமொழியின் ஆண்டுநாளைப் பார்த்துத்தான் அந்த ஊர்வலமே கூடியது. மூன்றையும் ஒரே நாளில் படித்தால் 16-ஆம் நாள் சுற்றில் குழம்பாதவர் அரிது. ‘ஜூன் 20 அன்று என்ன நடந்தது?’ என்று கேட்டுக்கொண்டே இருந்தால் குழப்பம் இன்னும் இறுகும், ஏனென்றால் கேள்வியில் உள்ள ஒரே துப்பு மூன்றுக்கும் பொதுவானது.

கேள்வியை மாற்றினால் முடிச்சு அவிழும்: அப்போது அரசர் எங்கே இருக்கிறார்? உறுதிமொழியின்போது அவருடைய இடம் பாரிஸுக்கு வெளியே உள்ள வெர்சாய் அரண்மனை. 1789 அக்டோபர் 5-இல் பெண்கள் ஊர்வலமாக வெர்சாய்க்குப் போய், மறுநாள் அரசரைப் பாரிஸுக்குக் கொண்டுவருகிறார்கள். அதன் பிறகுதான் டுயிலரியிலிருந்து தப்பவும் முடியும், டுயிலரிக்குள் கூட்டம் நுழையவும் முடியும். ஆக அந்த அக்டோபர் ஊர்வலம் 1789-இன் ஜூன் 20-ஐ மற்ற இரண்டிலிருந்தும் பிரித்துவிடுகிறது. மிச்சமிருக்கும் இரண்டில், கூட்டம் நுழைந்தது ஆகஸ்ட் 10-க்கு ஏழு வாரம் முந்தைய ஒத்திகை போன்றது, எனவே 1792. இப்படிப் பிரித்த பிறகும் மூன்றையும் ஒருசேர ஏற்றக் கூடாது. ஒன்று 7-ஆம் நாள் சுற்றில் பிழையின்றி வந்த பின்புதான் அடுத்தது தாளில் ஏற வேண்டும்.

இதே குடும்பத்தில் சின்னத் தொல்லை ஒன்று: தெர்மிடோர் 9 என்பது புரட்சி நாட்காட்டிப்படி 1794 ஜூலை 27. ரோபெஸ்பியர் அன்று கைதானார், தலை போனது 28. இரண்டு தேதியையும் ‘வீழ்ச்சி’ என்றே எழுதிவைத்தால் சுற்றுக்குச் சுற்று விடை மாறும். ‘கைது’, ‘தண்டனை’ என்று தனித்தனியாக எழுதினால் தீர்ந்தது.

எல்லாவற்றுக்கும் நாள்வரை துல்லியம் தேவையில்லை. செப்டம்பர் படுகொலைகளை ‘1792 செப்டம்பர் முதல் வாரம்’ என்று நிறுத்திக்கொண்டால் போதும், பல நாள் நீடித்த நிகழ்ச்சிக்கு ஒற்றைத் தேதி கட்டுவது எப்படியும் பொய்தான். ஒரு நாளைக்கு மூன்று தாள்களுக்கு மேல் வேண்டாம். நான்காவது தாளில் திருத்தும் கண் தளர்ந்து, தவறானதும் சரி என்றே கடந்துபோகும்.

இந்த முறையின் பெரிய பலவீனம் 35-ஆம் நாளுக்குப் பிறகுதான் தெரியவரும். தாள் பாட்டு மாதிரி ஆகிவிடும்: முதலிலிருந்து தொடங்கினால் தடையின்றி ஓடும், நடுவில் கேட்டால் நிற்கும். எல்லாம் சரியாக வருவதால் குறை இருப்பதே தெரியாது. 80-ஆம் நாள் சுற்றை அதனால் நடுவிலிருந்து தொடங்க வேண்டும். 1792 ஏப்ரல் 20, ஆஸ்திரியா மீது போர் அறிவிப்பு: தாளில் இதற்கு முந்தையது எது, பிந்தையது எது? முந்தையதைச் சொல்ல மனதுக்குள் 1789-இலிருந்து ஓட்டிவர வேண்டியிருந்தால், அந்தத் தாள் இன்னும் பாட்டுதான். அடுத்த இரண்டு சுற்றுகளை 1799-இலிருந்து பின்னோக்கி எழுத வேண்டும்.