ரூ.6,500 கொடுத்து என் ஃபைலையே விலைக்கு வாங்கினேன்

வயிறு எரிகிறது. ஆறும்வரை காத்திருந்தால் எழுதவே மாட்டேன், அதனால் இப்போதே.

காசிமேட்டு ஆயா ஒருவர் கட்டுமரக் காலத்துக் கதை சொல்லி, 78 நிமிஷம் பாட்காஸ்டுக்குப் பதிவு செய்திருந்தேன். ரீப்பர் என்ற ஆடியோ எடிட்டிங் சாப்ட்வேரில் நாலு ராத்திரி எடிட். கடைசி நாள் அறிமுகம் பேச அதே டிராக்கில் ரெக்கார்டை அழுத்தினேன், போன் வந்தது, எழுந்து போனேன். ஒன்றரை மணி நேரம் கழித்து வந்தால் ஆயா இருந்த இடம் முழுக்க ஃபேன் சத்தம். அதைக் கவனிக்காமல் பழக்க தோஷத்தில் ஒரு சேவ் போட்டு மூடியும் விட்டேன். மறுநாள் திறந்தால் அண்டூவும் இல்லை.

பதறிப்போய் தண்டையார்பேட்டைப் பக்கம் ஒரு டேட்டா ரெக்கவரி கடைக்கு ஓடினேன். "ஓவர்ரைட் ஆயிடுச்சு சார், கஷ்டம்தான். ஆனா எடிட்டோட எடுத்துத் தரேன், நம்பி வெச்சிட்டுப் போங்க" என்றார். குரலில் அவ்வளவு அக்கறை. ரூ.6,500, முழுக்க முன்பணம். சீட்டு கேட்கக்கூடத் தோன்றவில்லை.

ஒன்பது நாள். "ஸ்கேன் ஓடுது சார்." "பையன் லீவு சார்." அப்புறம் போனே எடுக்கவில்லை. நேரில் போய் நின்றதும் ஒரு பென் டிரைவ் கொடுத்தார். ஆயாவின் குரல் மட்டும், எடிட் இல்லாமல்.

வீட்டில் பக்கத்து வீட்டுத் தம்பி ப்ராஜெக்ட் ஃபோல்டரைத் திறந்து காட்டினான். அதே பெயர், அதே தேதியில் அந்த வேவ் ஃபைல் அங்கேயே கிடக்கிறது! நான் வைத்திருந்த டேப் மோடில் மேலே பதிந்தால் ரீப்பர் டைம்லைனில்தான் பழையதை வெட்டுமாம். புதுப் பதிவு தனி ஃபைலாகப் போகும், பழைய ஃபைலைத் தொடாது. அழியாததை மீட்கத்தான் ரூ.6,500.

இதைவிடக் கொடுமை எடிட் போனது. சேவ் செய்யும்போது முந்தைய ப்ராஜெக்ட் `.rpp-bak` என்று ஒதுங்கி நிற்கும். நான் போட்டது ஒரே சேவ், அதனால் நாலு ராத்திரி உழைப்பும் அதில் பத்திரமாக இருந்திருக்கும். ஆனால் இப்போதைய ப்ராஜெக்டான `.rpp` ஃபைலின் தேதி, லேப்டாப் கடையில் இருந்த வியாழக்கிழமை. 'செக்' பண்ணுகிறேன் என்று திறந்து யாரோ சேவ் போட்டிருக்கிறார்கள். இப்போது `.rpp-bak`-ஐத் திறந்தாலும் ஃபேன் சத்தம்தான்.

கடைக்காரரைக் கேட்டேன். "தேடிக் கண்டுபிடிச்சதுக்குத்தான் சார் காசு" என்றார். ரூ.6,500! எடிட்டைப் பற்றிக் கேட்டால், "அது சாப்ட்வேர் பிரச்சினை."

விவரமாக யோசனை எழுத உட்கார்ந்தேன், கை நடுங்குகிறது. இவ்வளவுதான்: டிராக் காணோம் என்றால் மறுபடி சேவ் போடாதீர்கள். ஃபோல்டர் முழுவதையும் வேறு டிரைவில் காப்பி எடுங்கள். வேவ் ஃபைல்களைத் தேதிப்படி அடுக்கிக் கேட்டுப் பாருங்கள். `.rpp-bak` காப்பியின் பெயரை `.rpp` என்று முடியும்படி மாற்றித் திறங்கள். `Clean current project directory` பக்கம் போகவே போகாதீர்கள். டைம்லைனில் இல்லாத ஃபைலை அதுதான் நிஜமாகவே அழிக்கும்.